சரியான சொல், தவறான பெயர்: தூத்துக்குடி ஏற்றுமதி ஆவணங்களில் இறுதி வாசிப்பு

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கடல் கடந்து செல்லும் ஒவ்வொரு சரக்கோடும் ஒரு கட்டுக் காகிதமும் வேறு வழியில் பயணம் செய்கிறது. விற்பவர் தயாரிக்கும் விலைப்பட்டியலான இன்வாய்ஸ், பொதிகளின் எண்ணிக்கையையும் எடையையும் காட்டும் பேக்கிங் லிஸ்ட், சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குக் கப்பல் நிறுவனம் தரும் பில் ஆஃப் லேடிங், சரக்கு எந்த நாட்டில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் தோற்றச் சான்றிதழ் ஆகியவை அக்கட்டில் இருக்கும். வாங்குபவரின் வங்கி, குறிப்பிட்ட ஆவணங்கள் குறிப்பிட்டபடி வந்து சேர்ந்தால் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரத்துக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் என்று பெயர். வணிகர் வழக்கில் அது எல்.சி. இந்த ஏற்பாட்டில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தை மட்டுமே பார்க்கிறது. ஆகவே பெறுநர் பெயரில் ஓர் எழுத்தோ எடையில் ஓர் இலக்கமோ இடம் மாறினால், குறையற்ற சரக்கை அனுப்பியவருக்கும் பணம் தடைபடக்கூடும். அத்தகைய பிழைகளைக் கணினியின் எழுத்துப்பிழை திருத்தி ஏன் காண்பதில்லை, அனுப்புவதற்கு முந்தைய இறுதி வாசிப்பு அவற்றை எப்படிக் காணலாம் என்பவை இக்கட்டுரையின் கேள்விகள்.

எழுத்துப்பிழை திருத்தி தன்னிடமுள்ள சொற்பட்டியலில் ஓர் எழுத்துக்கோவை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. இல்லாவிட்டால் அதன்கீழ்ச் சிவப்புக் கோடிடுகிறது, இருந்தால் கடந்து போகிறது. தட்டச்சுப் பிழைகளில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு, ஓர் எழுத்து கூடுவது, குறைவது, மாறுவது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் இடம் மாறுவது என்னும் நான்கு வகைக்குள் அடங்கிவிடுவதாக 1964இல் பிரெடரிக் டேமராவ் காட்டினார். அவ்வாறு பிறக்கும் பிழைச்சொல் தற்செயலாக வேறொரு நல்ல சொல்லாக அமைந்துவிட்டால் திருத்தி அதைக் காணாது. ஆங்கிலத்தில் இது எவ்வளவு நேர்கிறது என்பதை ஜேம்ஸ் பீட்டர்சன் 1986இல் கணக்கிட்டபோது, சொற்பட்டியல் பெரிதாகப் பெரிதாகக் காணாமல் விடப்படும் பிழைகளும் பெருகுவதும், மிகப் பெரிய பட்டியலில் அது பதினாறு விழுக்காட்டை எட்டுவதும் தெரியவந்தன. அதாவது திருத்திக்கு எவ்வளவு சொல் தெரிகிறதோ அவ்வளவுக்கு அது ஏமாறவும் கூடும்.

இது பொதுச்சொற்களின் நிலை. பெயர்களின் நிலை இதைவிட மோசமானது; ஏனெனில் ஒரு பெயர் சரியா தவறா என்பது அப்பெயருக்குள்ளேயே இருப்பதில்லை. முத்துக்குளித் துறையின் பரதவர் குடும்பங்களில் வழங்கும் பட்டப்பெயர்களை எடுத்துக்கொள்ளலாம். Fernando என்பதும் Fernandez என்பதும் Fernandes என்பதும் தனித்தனியே பிழையற்ற பெயர்கள். தமிழில் பர்னாந்து என்றும் பெர்னாண்டோ என்றும் எழுதுவோர் இருக்கிறார்கள். எதிரே இருக்கும் ஒரு குறிப்பிட்ட மனிதர் தம்மை எப்படி எழுதிக்கொள்கிறார் என்பது அவருடைய கடிதத் தலைப்பிலோ கடவுச்சீட்டிலோ இருக்குமே தவிர எந்த அகராதியிலும் இராது. இன்வாய்ஸில் உள்ள பெயர் சரியானது என்றால் அது எல்.சி.யில் உள்ள பெயரோடு ஒத்திருக்கிறது என்றே பொருள். பெயரின் சரித்தன்மை இரண்டு காகிதங்களுக்கு இடையிலான உறவு என்பதால், ஒரே ஒரு காகிதத்தைப் பார்க்கும் எந்தக் கருவியாலும் அதை அறிய முடியாது. எண்களுக்கும் இதுவே பொருந்தும்.

ஏற்றுமதி ஆவணங்களில் இன்னொரு தடையும் உண்டு. இவை பழக்கத்தின் காரணமாகப் பெரும்பாலும் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலேயே தட்டப்படுகின்றன. பரவலாகப் புழங்கும் வேர்ட் மென்பொருளோ, அமைப்பை மாற்றாதவரை, முழுதும் பெரிய எழுத்தில் உள்ள சொற்களையும் எண் கலந்த சொற்களையும் சோதிக்காமலே விட்டுவிடும். சிவப்புக் கோடு இல்லாத பக்கத்தைக் கண்டு நிம்மதியடையும் எழுத்தர், பல வேளைகளில், சோதிக்கப்படாத ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயரின்கீழ் வரும் சிவப்புக் கோட்டால் சலித்து அதை அகராதியில் சேர்த்துவிடும் வழக்கமும் உண்டு. அன்று அப்பெயர் தவறாகத் தட்டப்பட்டிருந்தால், அத்தவறு அந்தக் கணினியில் நிலையான சரியாகிவிடும்.

திருத்தக்கூடாத பெயர்கள்

தூத்துக்குடியைப் பொறுத்தவரை ஊரின் பெயரே ஒரு பாடம். Tuticorin என்பது ஐரோப்பியர் வழியாக வந்த பழைய வடிவம். Thoothukudi என்பது தமிழ் ஒலியைத் தழுவியது. 2020 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அறிவித்தபோது Thooththukkudi என்னும் மூன்றாவது வடிவம் வந்தது. சில நாள்களிலேயே அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. உலகத் துறைமுகக் குறியீட்டுப் பட்டியலில் இவ்வூர் இன்றும் INTUT என்றே இருக்கிறது. எல்.சி.யில் ஏற்றும் துறைமுகம் Tuticorin என்று இருக்க, கப்பல் நிறுவனத்தின் கணினி Thoothukudi என்று அச்சிட்டால், இரண்டும் ஓரூரே என்பது தூத்துக்குடியில் யாருக்கும் தெரியும். ஹாம்பர்க்கிலோ டாக்காவிலோ மேசையில் அமர்ந்து ஆவணம் பார்ப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. உள்ளூர்ப் பற்றையும் மொழிப் பற்றையும் சற்றே ஒதுக்கிவைத்து, எல்.சி. எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுவதுதான் இங்கே பாதுகாப்பு.

இவ்வூரைத் தலைமையிடமாகக் கொண்ட வங்கியின் பெயர் இதைவிட நுட்பமானது. 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கப்பட்டு 1962இல் பெயர் மாறிய அதன் ஆங்கிலப் பெயர் Tamilnad Mercantile Bank. சென்னை மாகாணம் தமிழ்நாடு என்று அதிகாரபூர்வமாகப் பெயர் மாறியது 1969இல்தான். வங்கியின் பெயர் அதற்கு முந்தையது என்பதால் இறுதியில் u இல்லை. கவனமான எழுத்தர் ஒருவர் இதைக் கண்டவுடன் எழுத்து விடுபட்டதாக எண்ணி u சேர்த்துவிடுவது மிக இயல்பு. அவ்வாறே இப்பகுதியிலிருந்து ஏற்றுமதியாகும் நிலாவரை இலைக்கு உலகச் சந்தையில் Tinnevelly Senna என்பது நிலைத்த பெயர். திருநெல்வேலியின் பழைய ஆங்கில வடிவம் அது. திருத்தி அதன்கீழ்ச் சிவப்புக் கோடிட, அல்லது தட்டுபவரே இக்கால வழக்குக்கு ஏற்ப Tirunelveli என்று மாற்ற, சரக்கின் விவரிப்பு எல்.சி.யிலிருந்து விலகிவிடும். எல்.சி. நடைமுறைக்கென்று பன்னாட்டு வணிகச் சபை வகுத்து 2007 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் யு.சி.பி. 600 என்னும் விதித் தொகுப்பின் 18ஆம் பிரிவு, இன்வாய்ஸில் உள்ள சரக்கு விவரிப்பு எல்.சி.யில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்கிறது. அறியாமையால் வரும் பிழையைவிட, ஓரளவு அறிந்தவரின் திருத்தத்தால் வரும் இவ்வகைப் பிழை கண்டுபிடிக்கக் கடினமானது. ஏனெனில் அது பார்ப்பதற்கு மேலும் சரியாகத் தோன்றுகிறது.

வங்கிகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் முறையும் பெயர்களைச் சிறிது உருமாற்றுகிறது. எல்.சி. செல்லும் எம்.டி. 700 வகைச் செய்தியின் பெயர், முகவரிப் புலங்களுக்குரிய எழுத்துத் தொகுதியில் & குறி கிடையாது, ஜெர்மன் மொழியின் புள்ளியிட்ட உயிரெழுத்துகளும் கிடையாது; பெயரும் முகவரியும் 35 எழுத்துகள் கொண்ட நான்கு வரிகளுக்குள் அடங்க வேண்டும். ஆகவே கடிதத் தலைப்பில் & உள்ள நிறுவனம் எல்.சி.யில் AND என்று வரும். இது பிழையன்று என்று தெரிந்துவைத்திருப்பவர், இல்லாத பிழையைத் திருத்தப் போய் உண்மையான பிழையை உண்டாக்க மாட்டார்.

பதவியும் அலுவலகமும்

பெறுநரின் பதவிப்பெயரில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வருகின்றன. முதலாவது, ஓரிரு எழுத்து வேறுபாட்டில் வேறொரு சொல் பிறப்பது. தமிழில் துணை இயக்குநர் வேறு, இணை இயக்குநர் வேறு. இரண்டும் அரசுத் துறைகளில் உண்மையாகவே உள்ள பதவிகள், ஒன்று மற்றொன்றுக்கு மேலானது, எழுத்தளவில் வேறுபாடு முதலெழுத்து மட்டுமே. ஆணையர் என்பது ஒருவரைக் குறிக்கும், ஆணையம் என்பது அமைப்பைக் குறிக்கும். ஆங்கிலத்தில் Manager என்பதில் ஓர் எழுத்து விழுந்தால் மாட்டுத் தீவனத் தொட்டியைக் குறிக்கும் Manger ஆகிறது. சுங்கத் துறையின் Principal Commissioner என்னும் பதவியில் Principal என்பது Principle ஆகிவிடுவதும் உண்டு. எல்லாமே அகராதிச் சொற்கள் என்பதால் திருத்தி அமைதியாக இருக்கும்.

இரண்டாவது வழி, காலம் மாறியும் மாதிரிக் கடிதம் மாறாமை. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம் 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயரைப் பெற்றது. 2021ஆம் ஆண்டின் பெருந்துறைமுக ஆணையங்கள் சட்டத்துக்குப் பின் பொறுப்புக்கழகம் என்பது ஆணையமாயிற்று. அவ்வாறே மத்திய கலால் மற்றும் சுங்க வாரியம் 2018இல் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் என்று பெயர் மாறியது. கணினியில் சேமித்த பழைய கடிதத்தைத் திறந்து நாளையும் பொருளையும் மட்டும் மாற்றி அனுப்பும் அலுவலகங்களில், இல்லாத அமைப்புக்கு எழுதிய கடிதங்கள் ஆண்டுக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். இவற்றைக் கண்ணால் தேடுவதைவிட, பழைய பெயர்களின் ஒரு சிறு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் தேடல் கட்டளையால் ஆவணத்தில் தேடிப் பார்ப்பது விரைவானது. முந்தைய சரக்கின் எல்.சி. எண்ணையும் முந்தைய வாங்குபவரின் பெயரையும் அதே முறையில் தேட வேண்டும். ஒரு முறையேனும் கிடைத்தால் மாதிரி முழுதும் துடைக்கப்படவில்லை என்று பொருள்.

ஓரெழுத்தின் விலை

எந்தப் பிழை மன்னிக்கப்படும், எது மன்னிக்கப்படாது என்பதில் சட்டமும் வழக்கமும் ஒரு கோடு போட்டிருக்கின்றன. வங்கிகள் ஆவணம் பார்க்கும் முறையைப் பற்றி அதே வணிகச் சபை 2013இல் வெளியிட்ட ஐ.எஸ்.பி.பி. 745 என்னும் கையேடு, பொருளைப் பாதிக்காத தட்டச்சுப் பிழை குறையாகாது என்கிறது. Machine என்பது mashine என்று இருந்தால் யாரும் தடுமாறப்போவதில்லை. ஆனால் model 321 என்பதற்குப் பதில் model 123 என்று இருந்தால் அது தட்டச்சுப் பிழையாகக் கருதப்படாது என்று அதே பத்தி சொல்கிறது. இதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. திருத்தி எளிதில் பிடித்துக்கொடுக்கும் பிழைகளைத்தான் வங்கியும் மன்னிக்கிறது. திருத்தியின் கண்ணில் படாத பிழைகளை வங்கி மன்னிப்பதில்லை. பிழையைத் தானாகக் காட்டிக்கொடுக்கும் சொல் யாரையும் ஏமாற்றாது. வேறொன்றாகத் தோன்றும் சொல்தான் ஏமாற்றும்.

அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1985இல் தீர்த்த பெயேனே எதிர் இர்விங் டிரஸ்ட் வழக்கு இதற்குத் தெளிவான சான்று. ஏமனில் வாழ்ந்த ஒரு வாங்குபவருக்கு முன்னாயத்த வீடுகளை விற்ற ஏற்பாட்டில், சரக்கு வந்ததும் தகவல் பெறவேண்டியவரின் பெயர் எல்.சி.யில் Sofan என்று இருக்க, பில் ஆஃப் லேடிங்கில் Soran என்று அச்சாகியிருந்தது. வங்கி பணம் தர மறுத்தது. நீதிமன்றமும் வங்கியின் பக்கமே நின்றது. Smith என்பது Smithh என்று இருந்தால் பிழை கண்ணுக்குத் தெரியும், Soran என்பதோ இன்னொரு மனிதரின் பெயராகவே இருக்கக்கூடும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இதற்கு மாறாக ஹாங்காங் நீதிமன்றம் 1991இல் ஹிங் யிப் ஹிங் ஃபாட் எதிர் டாய்வா வங்கி வழக்கில், நிறுவனப் பெயரில் Industrial என்பதற்கும் Industries என்பதற்கும் இடையிலான வேறுபாடு வெளிப்படையான தட்டச்சுப் பிழையே என்று கொண்டது. இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்தால், எழுத்துகளின் எண்ணிக்கை அங்கே பொருட்டாக இல்லை என்பது விளங்கும். பெயேனே வழக்கில் மாறியது ஒரே எழுத்து. ஆயினும் தூத்துக்குடியில் இருக்கும் ஏற்றுமதியாளர் எந்த நீதிமன்றத்தின் மனப்போக்கையும் நம்பி ஆவணம் அனுப்ப இயலாது.

எல்.சி.க்கு வெளியிலும் ஓரெழுத்தின் விளைவு பெரிதாகவே இருந்திருக்கிறது. பிரிட்டனின் நிறுவனப் பதிவகம் 2009இல் Taylor & Son என்னும் நிறுவனத்தின் கலைப்பு ஆணையைத் தவறுதலாக Taylor & Sons என்னும் வேறொரு நிறுவனத்தின் பெயரில் பதிந்தது. சில நாள்களில் பிழை நீக்கப்பட்டபோதும், அதற்குள் செய்தி கடன் தகவல் நிறுவனங்களுக்குச் சென்றுவிட்டதால், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான அந்தக் கார்டிஃப் நிறுவனம் வணிகர்களின் நம்பிக்கையை இழந்து வீழ்ந்தது. 2015இல் உயர் நீதிமன்றம் பதிவகத்தைப் பொறுப்பாக்கியது. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வேலை செய்த ஒரு தொழிலகத்தை முடிக்க, ஒரு பன்மை விகுதியைக் காணாமல் விட்ட ஒரு கண் போதுமானதாக இருந்தது.

எண்கள்

எண்களில் பிழை காண்பது பெயர்களில் காண்பதைவிட ஒருவகையில் எளிது. ஏனெனில் எண்கள் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கும். இதை ஒரு கற்பனைச் சரக்கைக் கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். நிலாவரை இலை 13,500 கிலோ, கிலோவுக்கு 1.60 டாலர் வீதம் 21,600 டாலர் என்று எல்.சி. சொல்வதாகவும், சரக்கு பொதிக்கு 50 கிலோவாக 270 பொதிகளில் கட்டப்பட்டதாகவும் கொள்வோம். பேக்கிங் லிஸ்டில் எடை 15,300 என்று தட்டப்பட்டுவிட்டது. படித்துப் பார்ப்பவர் கண்ணுக்கு 1, 3, 5 ஆகிய மூன்று இலக்கங்களும் இரண்டு சுழிகளும் அங்கே இருக்கவே செய்கின்றன. மனம் தான் எதிர்பார்த்த எண்ணையே வாசிக்கிறது. ஆனால் 270ஐ 50ஆல் பெருக்கிப் பார்ப்பவர் உடனே பிழையை அறிவார். பழைய கணக்குப்பிள்ளைகள் கைக்கொண்ட ஒரு சோதனையும் இங்கே உதவும்: இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் ஒன்பதால் மீதியின்றி வகுபடும். 15,300இலிருந்து 13,500ஐக் கழித்தால் 1,800. அது ஒன்பதின் இருநூறு மடங்கு. இரண்டு ஆவணங்களின் கூட்டுத்தொகை ஒத்துவராமல் வேறுபாடு ஒன்பதால் வகுபட்டால், தேட வேண்டியது பெரும்பாலும் இடம் மாறிய இலக்கங்களையே.

இப்போது பிழை சற்று நுட்பமாகி, எடை 13,050 என்று தட்டப்பட்டதாகக் கொள்வோம். யு.சி.பி. 600இன் 30ஆம் பிரிவு, எல்.சி. அளவைப் பொதி எண்ணிக்கையாகக் குறிப்பிடாதவிடத்து, பெறும் தொகை எல்.சி.யின் தொகையைத் தாண்டாத வரையில் ஐந்து விழுக்காடு கூடுதல் குறைவை அனுமதிக்கிறது. 13,500க்கு அது 12,825 முதல் 14,175 வரை. ஆகவே 13,050 என்பது எல்.சி.யோடு ஒப்பிட்டால் எல்லைக்குள்ளேயே இருக்கிறது, பிழையாகவே தோன்றாது. ஆயினும் இன்வாய்ஸ் 13,500 என்றும் பேக்கிங் லிஸ்ட் 13,050 என்றும் சொன்னால், ஆவணங்கள் தம்முள் முரணக்கூடாது என்னும் 14ஆம் பிரிவில் அது மாட்டிக்கொள்ளும். எல்.சி.யோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திக்கொள்வதும் போதாது, ஆவணங்களைத் தம்முள் மட்டும் ஒப்பிடுவதும் போதாது என்பது இதிலிருந்து தெரிகிறது. பின்னதை மட்டும் செய்பவர், நகலெடுத்து ஒட்டியதால் எல்லா ஆவணத்திலும் ஒரே சீராகப் பரவிவிட்ட தவறை ஒருபோதும் காண மாட்டார்.

வங்கி தனக்காக இக்கணக்கைச் செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. ஐ.எஸ்.பி.பி. 745இன்படி வங்கி ஆவணத்தின் உள்கணக்குகளைப் போட்டுப் பார்ப்பதில்லை, மொத்தத் தொகைகளையே ஒப்பிடுகிறது. எண்ணை எழுத்தாலும் எழுதும் வழக்கம் இதனால்தான் மதிப்புப் பெறுகிறது. இந்திய மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881இன் 18ஆம் பிரிவு, காசோலை போன்ற பத்திரங்களில் இலக்கமும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்கிறது. இலக்கத்தைத் தட்டியவரே அதைப் பார்த்து எழுத்தையும் தட்டினால் இந்தப் பாதுகாப்பு கெட்டுவிடும். எழுத்தாலான தொகையை எல்.சி.யிலிருந்து நேரே எடுக்க வேண்டும்.

சில எண்கள் தம்முள்ளேயே காவலை வைத்திருக்கின்றன. கண்டெய்னர் எண் அத்தகையது. உரிமையாளரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள், வகையைக் குறிக்கும் ஓர் எழுத்து, ஆறு இலக்கங்கள், இறுதியில் முன்னவை அனைத்திலிருந்தும் கணக்கிட்டுப் பெற்ற ஒரு சோதனை இலக்கம் என்று ஐ.எஸ்.ஓ. 6346 தரம் அதை வகுத்திருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. A முதல் Z வரை 10, 12, 13 என்று பதினொன்றின் மடங்குகளைத் தவிர்த்துக்கொண்டு செல்லும். ஒவ்வொரு மதிப்பையும் அதன் இடத்துக்கேற்ப 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11ஆல் வகுத்த மீதியே சோதனை இலக்கம். CSQU3054383 என்னும் எண்ணில் கூட்டுத்தொகை 6,185, மீதி 3. இறுதி இலக்கத்தோடு ஒத்துப்போகிறது. நடுவிலுள்ள 5ஐயும் 4ஐயும் இடம் மாற்றித் தட்டினால் கூட்டுத்தொகை 6,249 ஆகி மீதி 1 வரும், பிழை வெளிப்பட்டுவிடும். மீதி 10 வந்தால் அதையும் சுழியாகவே எழுத நேர்வதால் இக்காவலில் ஒரு சிறு ஓட்டை உண்டு. ஐரோப்பியக் கணக்கு எண்ணான ஐபானிலும் இந்திய ஜி.எஸ்.டி. எண்ணிலும் இத்தகைய சோதனை இருக்கிறது.

இந்திய வங்கிக் கணக்கு எண்களுக்கோ அப்படியொரு பொதுச் சோதனை இல்லை. நீளமும் வங்கிக்கு வங்கி மாறும். நெஃப்ட் முறையில் பணம் பெறுநரின் கணக்கு எண்ணை மட்டுமே கொண்டு சேர்க்கப்படலாம் என்று ரிசர்வ் வங்கி 2010இல் தெளிவாக்கியபின், பெயரைச் சரியாக எழுதியிருந்தும் பணம் இன்னொருவருக்குப் போகும் வாய்ப்பு இருந்துவந்தது. 2025 ஏப்ரல் முதல் பெயரைக் காட்டி உறுதிசெய்யும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று அவ்வங்கியே பணித்தது அதன் பிறகுதான். எக்செல் போன்ற கணக்குத்தாள் பதினைந்து இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்காது, பதினாறாம் இலக்கத்தைச் சுழியாக்கிவிடும், முன்னிற்கும் சுழிகளையும் உதிர்த்துவிடும் என்பதால், கணக்கு எண்களை உரையாகவே அங்கே இட வேண்டும்.

இப்பகுதியின் பழைய முத்து வணிகத்திலும் எண்ணின் நுட்பம் அறியப்பட்டிருந்தது. முத்தின் விலை எடையோடு நேராக ஏறாமல் எடையின் வர்க்கத்தையொட்டி ஏறும்படி கணக்கிடப்பட்டதால், எடையைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி எழுதினால் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். எந்த எண்ணில் பிழை நேர்ந்தால் மற்ற எண்களில் அது பெருகும் என்று அறிந்து, அந்த எண்ணை முதலில் பார்ப்பது இன்றைய ஆவணத்துக்கும் பொருந்தும். கிலோ விலையின் தசமப் புள்ளி அத்தகையது. இந்திய முறையில் 1,00,000 என்று எழுதுவது பிற நாடுகளில் 100,000. ஜெர்மனியில் காற்புள்ளியே தசமப் புள்ளி என்பதால் 1,250 என்பதை ஒன்றேகால் என்று படிப்பவரும் உண்டு.

வாசிப்பின் வழி

எழுதியவரே தம் எழுத்தில் பிழை காண்பது மற்றவரைவிடக் கடினம் என்று மெரிடித் டேன்மனும் மரே ஸ்டெய்ன்டனும் 1993இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நன்கு தெரிந்த உரையில் கண் எழுத்துகளைத் தொடாமல் நினைவையே வாசிக்கிறது. இதற்கு அச்சகங்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்ட தீர்வு இருவர் வாசிப்பு: ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார், மற்றவர் மெய்ப்புத்தாளில் விரலோட்டுவார். ஏற்றுமதி ஆவணத்தில் மூலப்படி எல்.சி.தான். படிப்பவர் பெயர்களைச் சொல்லாகப் படிக்காமல் எழுத்தெழுத்தாக, S, O, F என்று சொல்ல வேண்டும். 13,500 என்பதைப் பதின்மூவாயிரத்து ஐந்நூறு என்று சொல்லாமல் ஒன்று, மூன்று, ஐந்து, சுழி, சுழி என்று சொல்ல வேண்டும். ஆவணம் ஆவணமாகச் செல்வதைவிட, ஒரு பெயரை எடுத்துக்கொண்டு அது வரும் எல்லா ஆவணங்களிலும் தொடர்ந்து பார்த்து, பின்பு அடுத்த பெயருக்குச் செல்வது முரண்களை விரைவாகக் காட்டும். இருவர் இல்லாதபோது, பெயரைக் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படிப்பதும் கண்ணின் பழக்கத்தை உடைக்கும். ஆவண வரைவுகள் கணினியில் இருந்தால் எல்.சி.யின் பெயரை ஒரு கட்டத்திலும் வரைவின் பெயரை அடுத்த கட்டத்திலும் இட்டு

```
=EXACT(A1,B1)
```

என்று கேட்டால், ஓரிடைவெளி கூடியிருந்தாலும் அது பொய் என்று விடை தரும். ஆனால் ஒட்டிய பெயர் மூலத்திலிருந்தே ஒட்டப்பட்டதா என்பதை அக்கட்டளை அறியாது.

எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே அளவு கவனம் தேவையில்லை. யு.சி.பி. 600இன் 14ஆம் பிரிவின்படி, வாங்குபவர், விற்பவர் முகவரிகள் நாடு மாறாத வரையில் எல்.சி.யிலிருந்து சற்று வேறுபடலாம். தொலைபேசி, மின்னஞ்சல் விவரங்கள் கணக்கில் கொள்ளப்படா. ஆனால் வாங்குபவரின் முகவரி பில் ஆஃப் லேடிங்கில் சரக்குப் பெறுநர், தகவல் பெறுநர் ஆகிய பெட்டிகளில் வரும்போது எல்.சி.யில் உள்ளபடியே இருக்க வேண்டும். Soran வந்ததும் தகவல் பெறுநர் பெட்டியில்தான். களைப்படைந்த கண்ணுக்கு ஒரே ஒரு முறை படிக்கத்தான் வலு மிஞ்சியிருக்கிறதென்றால் அதை அங்கே செலவிடுவதே முறை.

இறுதி வாசிப்பு எந்த நேரத்தில் நிகழ வேண்டும் என்பது பலரும் தவறாகக் கணிக்கும் ஒன்று. கூரியரில் கட்டை ஒப்படைக்கும் நேரமே இறுதி என்று தோன்றும். உண்மையில் பில் ஆஃப் லேடிங்கின் வரைவைக் கப்பல் நிறுவனத்துக்கு ஒப்புதல் தந்து திருப்பி அனுப்பும் நேரமே அது. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் ஏற்றுமதியாளர் கையில் உள்ளவை, பிழை தெரிந்தால் புதிதாக அச்சிட்டுவிடலாம். பிறர் வழங்கும் ஆவணத்தில் உள்ள திருத்தத்துக்கோ வழங்கியவரே சான்றொப்பமிட வேண்டும்; சுங்கத்துக்கு அளித்த ஷிப்பிங் பில்லில் பிழை இருந்தால் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 149ஆம் பிரிவின்கீழ் அனுமதி பெற்றே மாற்ற வேண்டும், அதுவும் ஏற்றுமதியின்போதே இருந்த ஆவணச் சான்றைக் காட்டி. எல்.சி. வேறு காலம் குறிக்காவிட்டாலும் கப்பலேறிய இருபத்தொரு நாளுக்குள் ஆவணங்கள் வங்கியைச் சேர வேண்டும்; வங்கிக்குப் படித்துப் பார்க்க ஐந்து வேலைநாள் உண்டு. குறை இருப்பதாக வங்கி ஐந்தாம் நாள் சொன்னால், அந்த இருபத்தொன்றில் மிஞ்சியிருக்கும் நாள்களில்தான் மாற்று ஆவணம் போய்ச் சேர வேண்டும். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சென்ற சிறு கப்பலிலிருந்து கண்டெய்னர் அதற்குள் பெரிய கப்பலுக்கு மாறியிருக்கும். பில் ஆஃப் லேடிங்கின் மூலப்படிகள் மூன்றையும் திரும்பப் பெற்ற பின்னரே கப்பல் நிறுவனம் புதியதைத் தரும்.